போனில் நிலம் அளந்தால் எண் மாறி மாறி வருகிறதா? மேல்மலைக் குழுவுக்கான வழிமுறை

விதைப்பூண்டை மொத்தமாக வாங்கி, அவரவர் நிலத்தின் சென்ட் கணக்கில் பிரித்துக்கொள்வோம் என்று நம் குழுவில் முடிவெடுத்த நாளிலிருந்து எல்லார் கையிலும் போனும் ஆப்பும்தான். பூம்பாறைச் சரிவில் உள்ள ஒரு நிலத்தை நம் ஆட்கள் இரண்டு பேர் அளந்தார்கள். காலையில் அளந்தவருக்கு 47.2 சென்ட். மதியம் அளந்தவருக்கு 33.9 சென்ட். நிலத்துக்காரர் என்னைக் கூப்பிட்டு, "அண்ணே, எனக்கு எந்தக் கணக்கில் விதை தருவீங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நானும் ஒரு நாள் முழுக்க அந்த நிலத்திலேயே நின்று, எங்கே தப்பு நடந்தது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அங்கே கண்டதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். உங்களுக்கு என்ன கோளாறு வருகிறதோ அந்தத் தலைப்பைப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் முதல் பகுதியை மட்டும் எல்லாரும் படித்துவிடுங்கள்.

எதற்கும் முன்னால்: உங்கள் போன் எவ்வளவு தள்ளாடுகிறது?

போன் ஜி.பி.எஸ். வெட்டவெளியில் நின்றாலும் நாம் நிற்கும் இடத்தைச் சரியாக அப்படியே சொல்லாது. மூன்று மீட்டர், ஐந்து மீட்டர் சுற்றுவட்டத்துக்குள் எங்கேயோ ஓர் இடத்தைச் சொல்லும். ஆப்பில் உங்கள் புள்ளியைச் சுற்றி ஒரு வெளிர்நீல வட்டம் தெரிகிறதே, அதுதான் அந்தத் தள்ளாட்டம். சில ஆப் அதை எண்ணாகவே `3 m`, `5 m` என்று காட்டும். ஆண்ட்ராய்டு போனில் அந்த எண்ணுக்கு ஒரு பொருள் இருக்கிறது, இது பலருக்குத் தெரியாது: நூற்றுக்கு 68 தடவை உண்மையான இடம் அந்த வட்டத்துக்குள் இருக்கும். அப்படியென்றால் மூன்றில் ஒரு தடவை வட்டத்துக்கு வெளியேதான். `3 m` என்று காட்டினால் மூன்று மீட்டருக்குமேல் பிழையே வராது என்று நினைத்துவிடாதீர்கள்.

ஊரில் எங்காவது சமதளமான, மரம் இல்லாத இடம் இருந்தால், பள்ளி மைதானமோ கோயில் திடலோ, அங்கே டேப் பிடித்து 30 மீட்டருக்கு 20 மீட்டர் ஒரு செவ்வகம் போட்டு நான்கு மூலையிலும் குச்சி நடுங்கள். குறுக்கே இரண்டு மூலைவிட்டமும் 36 மீட்டர் 6 சென்டிமீட்டர் வந்தால் செவ்வகம் சரியாக இருக்கிறது. பரப்பு 600 சதுர மீட்டர், அதாவது 14.8 சென்ட். இதை உங்கள் போனில் நான்கைந்து தடவை அளந்து எண்களை எழுதிவையுங்கள். ஒருவர் போன் 14-க்கும் 16-க்கும் நடுவில் நிற்கும், இன்னொருவருடையது 12-க்கும் 18-க்கும் ஆடும். குழுவில் யார் போனில் அளப்பது என்பதை இதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும், எது விலை கூடிய போன் என்று பார்த்து அல்ல. `GPSTest` என்ற இலவச ஆப்பில் உங்கள் போன் `L5` அலைவரிசையையும் எடுக்கிறதா என்று பார்க்கலாம். எடுக்கிற போன்கள் கல்கட்டு, பாறை ஓரங்களில் கொஞ்சம் நிதானமாக நிற்கின்றன.

கோளாறு: ஒவ்வொரு தடவை அளந்தாலும் வேறு வேறு சென்ட் வருகிறது

இதுதான் எல்லாரும் சொல்வது. ஓரளவு மாறத்தான் செய்யும். எவ்வளவு மாறினால் இயல்பு, எவ்வளவு மாறினால் தப்பு என்று தெரிந்துகொள்ள ஒரு தோராயக் கணக்கு இருக்கிறது. ஏறக்குறைய சதுரமான நிலத்தில் நான்கு மூலையைக் குறித்து அளந்தால், ஒரு பக்க நீளத்தை மூலைக்கு மூலை வரும் தள்ளாட்டத்தால் பெருக்குங்கள். அவ்வளவு சதுர மீட்டர் கூடவோ குறையவோ வாய்ப்புண்டு.

ஓர் ஏக்கர் சதுரத்தின் பக்கம் 63.6 மீட்டர். தள்ளாட்டம் 3 மீட்டர் என்றால் 191 சதுர மீட்டர், அதாவது ஐந்து சென்ட்டுக்குக் கொஞ்சம் குறைவு. நூறு சென்ட்டில் ஐந்து போனால் விதை பிரிப்பதற்குப் பெரிய சேதமில்லை. அதே போனைக் கொண்டு பத்து சென்ட் நிலத்தை அளந்தால்? பக்கம் 20 மீட்டர், பெருக்கினால் 60 சதுர மீட்டர், ஒன்றரை சென்ட். பத்தில் ஒன்றரை! போனின் தள்ளாட்டம் நிலம் சிறிது, பெரிது என்று பார்ப்பதில்லை, அதே மூன்று மீட்டர்தான். அதனால் நிலம் சிறுக்கச் சிறுக்கப் பிழையின் பங்கு கூடிக்கொண்டே போகும். நம் மேல்மலையில் ஒரே இடத்தில் ஓர் ஏக்கர் வைத்திருப்பவர் எத்தனை பேர்? பத்தும் பதினைந்தும்தானே அதிகம்.

சரி, பூம்பாறை நிலத்துக்கு வருவோம். சரிவைக் கணக்கில் எடுக்காமல் தட்டையாகப் பார்த்தால் மேலிருந்து கீழாகச் சுமார் 50 மீட்டர், அகலம் 32 மீட்டர். இந்த அளவுக்கு மூன்று சென்ட் முன்னப்பின்ன வந்தால் இயல்பு. 47.2 வந்தது இயல்பில்லை.

ஆப்பில் சேமித்திருந்த அந்தக் காலை அளவைத் திறந்து பெரிதாக்கிப் பார்த்தேன். நான்கு மூலையில் மூன்று ஓரளவு சரியான இடத்தில் இருந்தன. முதல் மூலை மட்டும் பத்துப் பதினோரு மீட்டர் தள்ளி ஓடைக்குள் விழுந்திருந்தது. அந்த ஒரு மூலை வெளியே போனதாலேயே ஏழெட்டு சென்ட் கூடிவிட்டது. காரணம் என்னவென்றால், அவர் போனைப் பையிலிருந்து எடுத்து, ஆப்பைத் திறந்து, உடனே முதல் புள்ளியை வைத்துவிட்டார். ஒவ்வொரு செயற்கைக்கோளும் தன் பாதை விவரத்தை 30 விநாடிக்கு ஒருமுறைதான் முழுதாகச் சொல்லி முடிக்கும். சிக்னல் உள்ள இடத்தில் போன் அந்த விவரத்தை இணையத்திலிருந்து சட்டென்று எடுத்துக்கொள்ளும். டவர் கிடைக்காத பள்ளத்தில் அது வானத்திலிருந்தே கேட்டுக்கேட்டு வாங்க வேண்டும், அதற்கு நேரம் ஆகும். அதுவரை அது காட்டும் இடம் குத்துமதிப்புதான்.

ஆகவே ஆப்பைத் திறந்ததும் மூலையில் நின்றபடி இரண்டு மூன்று நிமிடம் எதுவும் செய்யாதீர்கள். எண் `20 m`, `12 m`, `6 m` என்று இறங்கி, மூன்றிலோ நான்கிலோ வந்து அசையாமல் நிற்கும். அப்புறம்தான் முதல் புள்ளி. ஒவ்வொரு மூலையிலும் அரை நிமிடம் நின்று, புள்ளி நிலைத்ததும் குறியுங்கள். போனைத் தட்டையாக, முகம் வானத்தைப் பார்க்க, நெஞ்சுக்கு முன்னால் நீட்டிப் பிடிக்க வேண்டும். சட்டைப் பையில் இருந்தால் பாதி வானத்தை உங்கள் உடம்பே மறைத்துவிடும்.

இன்னொன்று, எல்லா மூலையையும் ஒரே தடவையில், இடையில் டீ குடிக்கப் போகாமல் முடித்துவிடுங்கள். போனின் பிழையில் ஒரு பங்கு மெதுவாக நகரும், கொஞ்ச நேரத்துக்கு எல்லாப் புள்ளியையும் ஒரே பக்கம் தள்ளிவிடும். நான்கு மூலையும் சேர்ந்து இரண்டு மீட்டர் கிழக்கே போனால் நிலம் இடம் மாறித் தெரியுமே தவிர பரப்பு மாறாது. இரண்டு மூலையைக் காலையிலும் மீதியைச் சாயங்காலமும் குறித்தால் அந்த நன்மை போய்விடும்.

இப்படி அரை மணி இடைவெளி விட்டு மூன்று சுற்று அளந்ததில் எனக்கு 38.1, 41.8, 39.6 வந்தது. கூட்டி மூன்றால் வகுத்தால் 39.8. மூன்றையும் எழுத வேண்டும். பிடித்த எண்ணை வைத்துக்கொண்டு பிடிக்காததைத் தூக்கிப்போட்டால் அது அளவே இல்லை. படத்தில் ஒரு மூலை ஓடைக்குள் கிடக்கிற மாதிரி கண்ணுக்குத் தெரிந்த காரணம் இருந்தால் மட்டும் அந்தச் சுற்றை விட்டுவிடலாம்.

கோளாறு: எண் திடீரென்று மிகக் குறைவாக வருகிறது

மதியம் வந்த 33.9 இந்த வகை. அவர் மூலை குறிக்காமல், நடந்தால் தானாகக் கோடு போடும் முறையில் அளந்திருக்கிறார். படத்தைத் திறந்தால், கீழ்ப்பக்கம் ஒரு மூலைக்கே கோடு போகவில்லை. மூலைக்கு 25 மீட்டர் இருக்கும்போது நின்ற கோடு, மூலையைத் தாண்டி 18 மீட்டரில் திரும்பத் தொடங்குகிறது, நடுவில் ஒரே நேர்வெட்டு. வெட்டுப்பட்ட முக்கோணம் மட்டும் 225 சதுர மீட்டர், ஐந்தரை சென்ட். அவர் அந்த மூலை வரை நடந்தது உண்மைதான், நிலத்துக்காரரும் கூடவே போயிருக்கிறார். ஆனால் போனில் பேட்டரி சேமிப்பு ஓடிக்கொண்டிருந்தது, திரை அணைந்து பையில் இருந்தது. அந்த நிலையில் பல போன்கள் இடம் பார்ப்பதை நிறுத்திவிடும். பேட்டரி சேமிப்பை அணைத்து, அளக்கும் வரைக்கும் திரை எரியும்படி வைத்துக்கொண்டால் இது வராது.

திரை எரிந்தாலும் நடக்கிற முறையில் மூலைகள் கொஞ்சம் மழுங்கும். போன் நம் நடையை வைத்து அடுத்த இடத்தை ஊகித்துக்கொண்டே வருவதால், சட்டென்று திரும்பினால் அது கொஞ்சம் தாமதமாகத்தான் திரும்பும். ஒவ்வொரு மூலையிலும் பத்து விநாடி நின்றுவிட்டுத் திரும்புங்கள். வளைந்து வளைந்து போகும் ஓடைக்கரைக்கு நடக்கிற முறை நல்லது. நேரான வரப்பும் கல்கட்டும் உள்ள நிலத்துக்கு மூலை குறிக்கிற முறைதான் என் தேர்வு.

மூலை குறிக்கும்போது வரிசை மாறினாலும் எண் குறையும். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று ஓரமாகவே சுற்றி வர வேண்டும். மூன்றுக்கு முன்னால் நான்கைக் குறித்துவிட்டால் கோடு குறுக்கே வெட்டி உடுக்கை மாதிரி ஆகிவிடும், அதில் ஒரு பாதியின் பரப்பை இன்னொரு பாதியிலிருந்து கழித்துக் காட்டும் ஆப்கள் உண்டு. தொடங்கிய இடத்தைத் தாண்டி நாலு எட்டு கூட நடந்து கோட்டின்மேல் கோடு விழுந்தாலும் இதே சங்கதிதான், கொஞ்சம் சிறிய அளவில். படத்தைப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். எண்ணை மட்டும் பார்த்துவிட்டு ஆப்பை மூடுகிற பழக்கத்தை விட்டால் பாதிக் கோளாறு நமக்கே பிடிபடும்.

கோளாறு: கோடு பக்கத்துத் தோட்டத்துக்குள் போய் வருகிறது

மரமும் சுவரும்தான் காரணம். கீழ்மலையில், தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காப்பித் தோட்டத்தில் சில்வர் ஓக் நிழலுக்குள் அளக்கிறவர்களுக்கு இது எப்போதும் வரும். நம் பக்கம் ஆள் உயரக் கல்கட்டுக்கு அடியில் நிற்கும்போது வரும். செயற்கைக்கோள் சிக்னல் நேராக வராமல் கல்லிலோ பாறையிலோ பட்டுத் திரும்பி வந்தால் அது நடந்த தூரம் கூடிவிடும், போன் நம்மைத் தள்ளி நிற்பதாக நினைத்துக்கொள்ளும். ஒரு பக்கம் மலையே வானத்தை மறைக்கிற பள்ளத்தில் இது இன்னும் மோசம்.

கல்கட்டுதான் எல்லை என்றால் கட்டுக்கு அடியில் நின்று குறிக்காமல், மேலே ஏறிக் கட்டின் விளிம்பில் நின்று குறியுங்கள். மூலை மரத்தடியில் இருந்தால், மரத்தை விட்டு வெளியே எல்லைக்கோட்டின்மேலேயே திறந்த இடத்தில் ஒரு புள்ளியை வைத்து, மூலை வரை மீதி உள்ள தூரத்தை டேப்பில் அளந்து, படத்தில் அந்தப் புள்ளியை அந்தத் தூரத்துக்கு நகர்த்துங்கள். பெரும்பாலான ஆப்களில் புள்ளியை விரலால் இழுக்கலாம். தோட்டம் முழுக்க அடர்ந்த நிழல் என்றால் போன் அளவை நம்பி எதுவும் செய்யாதீர்கள், டேப்தான்.

பனிமூட்டத்தால்தான் தப்பாக வருகிறது என்று நம்மவர்கள் சொல்வதைப் பல தடவை கேட்டிருக்கிறேன். பனியும் மேகமும் இந்த அளவுக்கு எந்தக் கெடுதலும் செய்யாது. மழைக்குப் பிறகு நனைந்த இலைகள் சிக்னலை இன்னும் கொஞ்சம் மங்கச் செய்யும், அது மரத்தடிக்கு மட்டும்தான்.

கோளாறு: புள்ளி ஊருக்கு ஊர் தாவுகிறது

இது அனுமதிச் சிக்கல். ஆப்பை நிறுவும்போது தோராய இடம் போதும் என்று அழுத்திவிட்டால், ஆண்ட்ராய்டு மூன்று சதுர கிலோமீட்டர் வட்டாரத்துக்குள் எங்காவது ஓர் இடத்தைத்தான் ஆப்புக்குக் கொடுக்கும். அமைப்புகளில் அந்த ஆப்பின் இட அனுமதிக்குப் போய் `Use precise location` என்பதைப் போடுங்கள். அவ்வளவுதான்.

கோளாறு: ஒரே ஒரு தட்டை அளந்தால் நம்பமுடியாத எண் வருகிறது

கல்கட்டுக்கும் கல்கட்டுக்கும் நடுவில் உள்ள ஒவ்வொரு தட்டாக அளந்து கூட்டினால் துல்லியமாக இருக்கும் என்று தோன்றும். நடப்பது நேர் எதிர். 50 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம் உள்ள ஒரு தட்டு 200 சதுர மீட்டர், ஏறக்குறைய 5 சென்ட். இதைச் சுற்றி நடக்கும்போது இரண்டு நீளப்பக்கமும் ஒன்றரை மீட்டர் வெளியே தள்ளினால் போதும், போனுக்கு அகலம் 7 மீட்டர் ஆகிவிடும், 8.6 சென்ட் காட்டும். உள்ளே தள்ளினால் அகலம் 1 மீட்டர், 1.2 சென்ட். ஒன்றரை மீட்டர் என்பது போனுக்கு மிக நல்ல நாள்! அதிலேயே இந்தக் கதி. ஒவ்வொரு தட்டிலும் இப்படி ஆடிவிட்டு, பத்துத் தட்டைக் கூட்டினால் என்ன மிஞ்சும்?

தட்டுக்கு டேப்பே போதும், பத்து நிமிட வேலை. நீளத்தை நடுவோடு அளந்துகொள்ளுங்கள். அகலத்தை ஒரே இடத்தில் எடுக்காமல் ஐந்து இடத்தில் எடுங்கள், ஏனென்றால் நம் தட்டுகள் இரண்டு முனையிலும் ஒடுங்கி நடுவில் அகன்றிருக்கும். 3.6, 4.1, 4.4, 4.2, 3.7 என்று வந்தால் கூட்டி ஐந்தால் வகுத்தால் 4.0. ஐம்பதால் பெருக்கினால் 200 சதுர மீட்டர், அதை 40.47-ஆல் வகுத்தால் சென்ட். போனை எடுப்பது முழு நிலத்தையும் ஒரே சுற்றில் அளக்க மட்டும்தான்.

கோளாறு: டேப்பில் கூடுதலாகவும் ஆப்பில் குறைவாகவும் வருகிறது

இதில்தான் நம் குழுவில் அதிகம் வாக்குவாதம் வந்தது. இது கோளாறே இல்லை என்பதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

பூம்பாறை நிலத்துக்காரர் போன் மேல் நம்பிக்கை போய், மகனைக் கூட்டிக்கொண்டு டேப் பிடித்தார். மேல் வரப்பிலிருந்து கீழ் வரப்பு வரை, தட்டு விளிம்புகளைத் தொட்டபடி டேப்பை இழுத்துப் பிடித்ததில் 54 மீட்டர். அகலம் 32 மீட்டர். பெருக்கினால் 1728 சதுர மீட்டர், 42.7 சென்ட். நான் சொன்னது 39.8. "மூணு சென்ட்டை எங்கண்ணே விட்டீங்க?" என்றார்.

டேப் சரிவோடு சாய்ந்து இறங்குகிறது. ஆப் அப்படி அளக்காது. மேலே சூரியன் உச்சியில் நிற்கும்போது நிலத்தின் நிழல் சமதளத்தில் விழுந்தால் எவ்வளவு இடம் பிடிக்குமோ அதைத்தான் ஆப் கணக்கிடும். பட்டாவில் இருப்பதும் புலப்படத்தில் இருப்பதும் இதே தட்டையான பரப்புதான், அரசு நில அளவையும் தூரத்தைக் கிடைமட்டமாகத்தான் எடுக்கும்.

சாய்வு அளவைத் தட்டை அளவாக மாற்ற நமக்குக் கோணமானி வேண்டாம், கல்கட்டுகளே போதும். தட்டுகள் ஏறக்குறைய சமமாக இருந்தால், மேலிருந்து கீழ் வரை உள்ள இறக்கம் முழுவதும் கட்டுகளின் உயரம்தானே? அங்கே பத்துக் கட்டு. ஒவ்வொன்றாக டேப்பைத் தொங்கவிட்டு அளந்தோம், சராசரி 2 மீட்டர், ஆக மொத்த இறக்கம் 20 மீட்டர். சாய்வு நீளம் 54, இறக்கம் 20, இனி பள்ளிக்கூடத்துச் செங்கோண முக்கோணக் கணக்கு:

```
54 × 54 = 2916
20 × 20 = 400
2916 − 400 = 2516
√2516 = 50.2
```

தட்டையாக 50.2 மீட்டர். 32-ஆல் பெருக்கினால் 1606 சதுர மீட்டர், 39.7 சென்ட். போனில் மூன்று சுற்றின் சராசரி 39.8. இரண்டும் ஒட்டி வந்ததைப் பார்த்தபோது அவர் முகத்தில் வந்த தெளிவைச் சொல்லத்தான் வேண்டும், அதுவரை அவரைக் குழு ஏமாற்றுகிறது என்றே நினைத்துக்கொண்டிருந்தார். ஆனால் இவ்வளவு ஒட்டி வந்ததில் அதிர்ஷ்டமும் உண்டு. போன் 37 காட்டியிருந்தாலும் அதன் தள்ளாட்டத்துக்கு அது சரியான விடைதான்.

தட்டு போடாத சரிவு என்றால், நேரான நீள மூங்கிலைச் சரிவில் படுக்க வைத்து, அதன்மேல் போனை வைத்து மட்டம் பார்க்கும் ஆப்பில் கோணத்தைப் பார்க்கலாம். 10 பாகை சரிவில் சாய்வு அளவும் தட்டை அளவும் நூற்றுக்கு ஒன்றரைதான் வித்தியாசப்படும், விட்டுவிடலாம். 20 பாகையில் நூற்றுக்கு ஆறு. 30 பாகை போனால் தட்டையில் 100 சென்ட் இருப்பது சாய்வில் 115 ஆகிவிடும்.

இன்னும் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது, விதைக்கு அதுதான் வேண்டும். கல்கட்டின் தடிமனிலும் அதை ஒட்டிய ஓரத்திலும் பூண்டு ஊன்ற முடியாது. அந்த நிலத்தில் கட்டுக்கு 40 சென்டிமீட்டர் வீதம் போகிறது, பத்துக் கட்டுக்கு 4 மீட்டர், அதை 32 மீட்டர் அகலத்தால் பெருக்கினால் 128 சதுர மீட்டர், 3.2 சென்ட். மீதி 36.5 சென்ட். ஒரே நிலத்துக்கு 42.7, 39.7, 36.5 என்று மூன்று எண். மூன்றும் சரி. நம் குழுவில் விதையும் உரமும் பிரிக்க இந்த 36.5 மாதிரியான பயிர்ப் பரப்பையே எடுக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன், இல்லாவிட்டால் கட்டு அதிகமுள்ள செங்குத்து நிலத்துக்காரருக்கு விதை மீந்து போகும், சமநிலத்துக்காரருக்குப் பற்றாது. பட்டாவோடு ஒப்பிட மட்டும் தட்டைப் பரப்பு.

கோளாறு: செயற்கைக்கோள் படத்தில் வரப்பு ஓரிடம், என் புள்ளி ஓரிடம்

எல்லாப் புள்ளியும் ஒரே பக்கமாக, ஒரே தூரத்துக்கு விலகியிருந்தால் படம் நகர்ந்திருக்கலாம், அல்லது முன்பு சொன்ன மாதிரி போனே எல்லாப் புள்ளியையும் சேர்த்துத் தள்ளியிருக்கலாம். சாய்வாக எடுத்த படத்தை மலைமேட்டுக்கு ஏற்பத் திருத்திப் பரப்பும்போது சில மீட்டர் பிசகுவது சகஜம், சமவெளியைவிட மலையில் அதிகம். பரப்பு இதனால் கெடாது. நடக்காமல் வீட்டிலிருந்தே படத்தின்மேல் விரலால் மூலையைத் தொட்டு அளக்கிறவர்களும் எல்லா மூலையையும் அதே படத்தில் தொட்டால் தோராய அளவு கிடைக்கும். ஆனால் சில மூலையை நடந்தும் சில மூலையைப் படத்தில் தொட்டும் கலக்காதீர்கள், அப்போது அந்தப் பிசகு முழுவதும் பரப்பில் வந்து ஏறிவிடும்.

கோளாறு: பட்டாவோடு ஒத்துவரவில்லை

முதலில் அலகைப் பாருங்கள். பூம்பாறைக்காரர் பட்டாவில் `0 - 16.00` என்று இருந்தது. அவர் இத்தனை வருடமும் தன் நிலம் பட்டாப்படி பதினாறு சென்ட், மிச்சம் அனுபவத்தில் இருப்பது என்றே நினைத்திருந்தார். அது ஹெக்டேர், ஏர் கணக்கு. பூஜ்யம் ஹெக்டேர், 16 ஏர். ஒரு ஏர் என்பது 100 சதுர மீட்டர், 2.47 சென்ட். பதினாறைப் பெருக்கினால் 39.5 சென்ட். ஆப்பிலும் ஏக்கரில் வைத்திருந்தால் 0.395 என்றும், `ha` என்று வைத்திருந்தால் 0.16 என்றும் வரும், எல்லாம் ஒரே நிலம்தான்.

அலகு சரியாக இருந்தும் வித்தியாசம் தள்ளாட்டக் கணக்குக்குள் இருந்தால், அதாவது இந்த நிலத்துக்கு மூன்று சென்ட்டுக்குள் இருந்தால், யார் மேலும் சந்தேகப்படக் காரணமில்லை. அதைவிட மிகுந்து, மூன்று சுற்றிலும் ஒரே பக்கமாக இருந்தால் `eservices.tn.gov.in` தளத்தில் உங்கள் சர்வே எண்ணுக்கும் உட்பிரிவுக்கும் உரிய புலப்படத்தை எடுத்து, அதில் எழுதியுள்ள பக்க நீளங்களை உங்கள் நிலத்தின் பக்கங்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். எந்தப் பக்கம் குறைகிறது என்று தெரிந்துவிடும். பாதி நேரம் ஓடைப் புறம்போக்கையோ நடைபாதையையோ நாம் சேர்த்தோ விட்டோ நடந்திருப்போம்.

எல்லைக்கல் எங்கே என்ற தகராறுக்குப் போனை எடுத்துக்கொண்டு போகவே போகாதீர்கள். மூன்று மீட்டர் ஆடுகிற கருவியை வைத்து ஒரு மீட்டர் வரப்புக்குச் சண்டை போட முடியாது, நட்ட கல்லைப் பிடுங்கி நட அது சாட்சியும் ஆகாது. அதற்கு இ-சேவை மையத்தில் கட்டணம் கட்டி நில அளவைக்கு விண்ணப்பிக்க வேண்டும், சர்வேயர் வந்து அளக்கும்போது பக்கத்து நிலத்துக்காரரும் உடன் இருக்க வேண்டும்.

குழு நோட்டில் இனி எண்ணை மட்டும் எழுத வேண்டாம். அந்த நிலத்துக்கு நான் எழுதியது இப்படி: "மூலை முறை, 3 சுற்று, 38.1 / 41.8 / 39.6, சராசரி 39.8, மூன்று சென்ட் முன்பின். டேப்பில் தட்டையாக 39.7. கட்டு 10, கழிவு 3.2. விதைக்கு 36.5." பட்டாவில் உள்ள 39.5-ஐ ஓரத்தில் தனியாகக் குறித்தேன். அவருக்கு 36.5 சென்ட்டுக்கு விதை எடைபோட்டுக் கொடுத்தாயிற்று. மற்றவர்களும் அடுத்த கூட்டத்துக்குள் மூன்று சுற்றையும் எழுதி, படத்தையும் சேமித்து எடுத்து வாருங்கள், சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.